பினாங்கு வீழ்ந்த செய்தியைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கத்து வீடுகளில் பெட்டகத்தையோ டிரங்குப் பெட்டியையோ ஒழிக்கும்போது, அடியில் விரித்த பழைய பத்திரிகைத் தாள்கள் கிடைக்கின்றன. மலேயாவிலும் பர்மாவிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் 1941, 42 காலத்துத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்து கேட்ட கேள்விகளில் சிலவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் போரையும் எல்லாப் பத்திரிகையையும் பேசினால் ஒன்றும் நிற்காது. அதனால் 1941 டிசம்பரில் மலேயாவின் பினாங்குத் தீவு பிரிட்டிஷாரால் கைவிடப்பட்ட ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்தே பதில்கள் போகும்.

எங்க ஐயா பினாங்கில் செட்டியார் கடைகள் இருந்த கிட்டங்கியில் மேலாளா இருந்தவங்க. அந்த மாசத்துப் பேப்பர் ஒண்ணு கிடைச்சிருக்கு. அதில் இருக்கறதை அப்படியே நம்பலாமா?

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை வடமலேயாவில் கோத்தாபாருவில் இறங்கியது. 11-ஆம் தேதி பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. வானத்தில் விமானம் வருவதை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி நின்ற கூட்டத்தில் பலர் மாண்டார்கள். 16-ஆம் தேதி இரவு, 17-ஆம் தேதி விடிவதற்குள், தீவில் இருந்த ஐரோப்பியர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஓசையில்லாமல் கப்பலேற்றப்பட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் அங்கேயே விடப்பட்டார்கள். ஜப்பானியர் நகருக்குள் நுழைந்தது 19-ஆம் தேதி. அதற்குப் பிறகு, சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியில் பேசும்போது, மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்ற பொருள்படச் சொன்னார்.

இனி ஒரு செய்தி. இது எந்தப் பத்திரிகையிலும் வந்ததல்ல. அந்தக் காலத்துப் போர்ச் செய்திகளின் நடையில், பயிற்சிக்காக நானே எழுதியது.

> பினாங்கிலிருந்து நமது துருப்புகள் வாபஸ்
> திட்டப்படி காரியம் முடிந்தது
> சிங்கப்பூர், டிச. 22.
> பினாங்குத் தீவிலிருந்து நமது துருப்புகள் வெற்றிகரமாக வாபஸ் பெறப்பட்டன. ஜனங்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டனர். எதிரிக்குப் பயன்படக்கூடியவை அழிக்கப்பட்டன. வடமலேயாவில் எதிரிக்குப் பலத்த நஷ்டம். முன்னதாக ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மீது ஈவிரக்கமின்றிக் குண்டு வீசின. ஓரளவு சேதம் ஏற்பட்டதாகத் தெரிகிறது. சுதேசிகளிடையே சிறிது கலக்கம் இருந்ததாகக் கூறப்படுகிறது.

இதில் முழுப் பொய் என்று விரல் வைக்க இடம் குறைவு. துருப்புகள் போனது உண்மை, குண்டு விழுந்தது உண்மை. ஆனாலும் உங்கள் ஐயா அந்த ஊரில்தான் இருக்கிறார் என்பது, இதைப் படித்த காரைக்குடி வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் பத்திரமாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றே நினைத்திருப்பார்கள்.

வெறும் சொல்லை வச்சு ஒரு செய்தி எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லிட முடியுமா?

பெயர்ச்சொல்லையும் அடைமொழியையும் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ‘நமது துருப்புகள்’, ‘எதிரி’, ‘ஈவிரக்கமின்றி’ போன்றவை கண்ணில் குத்தும். போர்க்காலத்தில் இவை இல்லாத பத்திரிகை எங்குமே கிடையாது என்பதால், இவற்றைக் கண்டுபிடிப்பதில் பெரிய லாபமும் கிடையாது. வினைமுற்றைப் பாருங்கள். தமிழில் வேலை நடப்பது அங்கேதான்.

மேலே உள்ள செய்தியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு ‘வீசின’. எழுவாய் இருக்கிறது, செய்தவன் யார் என்று தெரிகிறது. நம் பக்கத்துக் காரியங்களைப் பாருங்கள்: ‘வாபஸ் பெறப்பட்டன’, ‘வெளியேற்றப்பட்டுவிட்டனர்’, ‘அழிக்கப்பட்டன’. யார் உத்தரவு போட்டது, யார் வெளியேற்றியது, யார் அழித்தது? ஒரு பெயரும் இல்லை. பழி வரக்கூடிய காரியத்துக்கெல்லாம் ‘பட்டது’ போட்டுவிட்டார்கள். எதிரியின் காரியத்துக்கு மட்டும் செய்தவனை முன்னால் நிறுத்தினார்கள். ஒரு ‘பட்டது’ இருந்தால் அது வெறும் நடை. ஒரு பக்கத்துக்கு மட்டும் வரிசையாக ‘பட்டது’ வந்தால் அதைச் சாய்வு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாக்கியத்தின் வால். ‘தெரிகிறது’, ‘கூறப்படுகிறது’, ‘என்பதாம்’ என்று முடிப்பது, எழுதியவர் அந்த விஷயத்திலிருந்து ஒரு அடி தள்ளி நிற்பதைக் காட்டும். நேரில் பார்க்காததற்கு அப்படி எழுதுவது நியாயமே. இங்கே எதற்கெல்லாம் அந்த வால் வந்திருக்கிறது? நகரத்துச் சேதத்துக்கும் மக்களின் கலக்கத்துக்கும் மட்டும். ‘எதிரிக்குப் பலத்த நஷ்டம்’ என்பதற்கு வாலே இல்லை. யுத்தகளத்தில் எதிரியின் பக்கம் போய் எண்ணிப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. அப்படியிருந்தும் அது சத்தியம் போல நிற்கிறது. பினாங்கிலிருந்து வந்தவர்கள் கண்ணால் கண்ட சேதமோ ‘தெரிகிறது’ ஆகிவிட்டது. உறுதி இருக்க வேண்டிய இடத்தில் தயக்கம், தயங்க வேண்டிய இடத்தில் உறுதி.

கூடவே மரியாதை விகுதியையும் கவனியுங்கள். ‘ஜப்பானியர் வந்தனர்’ என்பதும் ‘ஜப்பானியன் வந்தான்’ என்பதும் ஒரே செய்திதான். ஒருமையில் எழுதினால் ஒரு தேசமே ஒற்றை ஆளாகிவிடும். பிறகு அவனை வெறுப்பது சுலபம். தமிழ்த் தாள்களில் இது ஆங்கிலத் தாள்களைவிடத் தெளிவாகத் தெரியும்.

‘ஜனங்கள்’னா எல்லாரும்தானே? அதில் என்ன சூது?

சூதே அதில்தான். டஃப் கூப்பரின் பேச்சு மலேயா முழுக்க ஆத்திரத்தைக் கிளப்பியதற்குக் காரணம், தீவில் எண்ணிக்கையில் பெரும்பாலோர் ஆசியர்கள், அவர்கள் யாரும் வெளியேற்றப்படவில்லை என்பதுதான். ஐரோப்பியர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மக்கள் என்றார். கேட்டவர்களுக்கு, அவர் கண்ணில் தாங்கள் மக்களே இல்லை என்று புரிந்தது. ஆளுநர் ஷென்டன் தாமஸ், இனி வெளியேற்றத்தில் இனப் பாகுபாடு இருக்காது என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெரிய கூட்டத்தைக் குறிக்கும் சொல் எங்கே வந்தாலும், அந்தச் செய்தி முழுவதிலும் அதே கூட்டத்துக்கு வேறு பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். நம் மாதிரியில் கப்பலேறியவர்கள் ‘ஜனங்கள்’. கலக்கம் அடைந்தவர்கள் ‘சுதேசிகள்’. ஒரே ஊர்க்காரர்களுக்கு இரண்டு பெயர். முதல் சொல்லில் சுதேசிகள் அடக்கம் என்றால் இரண்டாவது சொல் தேவையே இல்லை. இரண்டு சொல் வந்ததிலேயே ரகசியம் உடைந்துவிட்டது. வெளியில் இருந்து ஒரு ஆதாரமும் தேடாமல், அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டே இதைக் கண்டுபிடிக்கலாம்.

அச்சில் இருக்கறதைப் படிக்கலாம். இல்லாததை எப்படிப் படிக்கறது?

நம் ஊர்க் கணக்கில் ஐந்தொகை போடத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. ஒரு பக்கம் பற்று எழுதி, மறுபக்கம் அதற்கான வரவு இல்லையென்றால் எங்கோ ஒரு தாள் காணவில்லை என்று அர்த்தம்.

செய்தியில் உள்ள ஒவ்வொரு வினையையும் எடுத்து யார், யாரை, எப்போது, எத்தனை என்று கேளுங்கள். ‘வெளியேற்றப்பட்டுவிட்டனர்’: எந்த ஜனங்களை? சொல்லவில்லை. எப்போது? செய்தியின் தலையில் 22 என்று இருக்கிறது. ஆனால் வெளியேற்றம் நடந்தது 16-ஆம் தேதி இரவு. அந்தத் தேதி உள்ளே எங்கும் இல்லை. ஜப்பானியர் ஊருக்குள் வந்தது 19-ஆம் தேதி, அதுவும் இல்லை. இரண்டையும் போட்டிருந்தால், நடுவில் இரண்டு நாள் அந்த ஊரை யார் ஆண்டார்கள் என்ற கேள்வி தானாக எழுந்திருக்கும். அந்தக் கேள்வி எழவே கூடாது என்றுதான் தேதியை விட்டார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவு வராது. ஆனால் விட்டதால் அந்தக் கேள்வி எழவில்லை. படிக்கிறவருக்கு அந்த விளைவுதான் முக்கியம்.

‘எதிரிக்குப் பயன்படக்கூடியவை அழிக்கப்பட்டன’ என்ற வரியை எடுங்கள். எவை எவை? உண்மையில் துறைமுகத்தில் படகுகள் பலவற்றை அழிக்காமலே விட்டுப் போனார்கள். பினாங்கு வானொலி நிலையமும் முழுசாக நின்றது. ஜப்பானியர் அந்தப் படகுகளை மேற்குக் கரையோரம் இறங்குவதற்குப் பயன்படுத்தினார்கள். வானொலியில் சிங்கப்பூரைக் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். வரி சொல்வது அழித்தவற்றைப் பற்றி மட்டும். பட்டியல் இல்லாத ‘அழிக்கப்பட்டன’வைக் கண்டால், விட்டுவிட்டவை எவை என்ற கேள்வியைப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பதில் பிறகு வேறொரு தாளில் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. அந்தச் செய்தியை அன்றைக்கு யார் ஆவலோடு படித்திருப்பார்களோ அவர்களின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். செட்டிநாட்டில் ஒரு ஆச்சி. வீட்டுக்காரர் பினாங்கில் மேலாள். அவருக்கு வேண்டியது மூன்று: கிட்டங்கி இருந்த தெருவில் குண்டு விழுந்ததா, நம்மவர்களைக் கப்பலில் ஏற்றினார்களா, தபால் வருமா. மூன்றுக்கும் அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் மலேயாவில் தமிழர் எத்தனை பேர் என்பது செய்தியைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாததல்ல.

போர் நடக்கறப்போ எல்லாத்தையும் எழுதிட முடியுமா? மறைச்சதெல்லாம் பாரபட்சம்னு சொல்லலாமா?

சொல்லக்கூடாது. இந்தியப் பாதுகாப்பு விதிகள் 1939-லிருந்து அமலில் இருந்தன. படை எங்கே போகிறது, கப்பல் எப்போது கிளம்புகிறது என்று அச்சிட்டால் ஆசிரியருக்குச் சிறை. அச்சிடாமல் இருந்ததில் நியாயமும் உண்டு, நடுக்கடலில் இருக்கும் கப்பலைப் பற்றி எழுதினால் அதில் இருப்பவர்கள் சாவார்கள்.

பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: விடப்பட்ட விஷயம் எதிரிக்கு ஏற்கனவே தெரியுமா? 17-ஆம் தேதி பினாங்கில் படை இல்லை என்பது ஜப்பானியருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அன்று அதை எழுதாமல் விட்டது பாதுகாப்பு. 19-ஆம் தேதி அவர்கள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஐரோப்பியர் போனார்கள், ஆசியர் இருக்கிறார்கள் என்பதைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம். 22-ஆம் தேதி அதை விட்டது எதிரியிடமிருந்து மறைப்பதற்காக இருக்க முடியாது. மறைத்தது நம்மிடமிருந்து.

இந்த உரைகல்லும் எல்லா இடத்திலும் செல்லாது. சில நேரம் செய்தியே வந்து சேர்ந்திருக்காது. பினாங்கோடு தந்தியும் தொலைபேசியும் அறுந்துவிட்ட நிலையில், சென்னையில் உட்கார்ந்திருந்த உதவியாசிரியருக்குச் சிங்கப்பூர் அறிக்கையைத் தவிர வேறொன்றும் கையில் இருந்திருக்காது. அவரிடம் சாய்வு இல்லாமலும் இருக்கலாம். சாய்வு அறிக்கையிலேயே வந்தது, அவர் மொழிபெயர்த்துப் போட்டார், அவ்வளவே. அதனால் ‘பத்திரிகை மறைத்தது’ என்று எழுதுமுன், பத்திரிகைக்குத் தெரிந்திருந்ததா என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து வந்த இதழ்களைப் புரட்டினால் தெரியும். அகதிகள் வந்து சொன்ன பிறகும், ஆத்திரக் கடிதங்கள் வந்த பிறகும் அந்தத் தாள் பழைய வாக்கியத்தையே திரும்பச் சொன்னால், பொறுப்பு அதன் தலையில்.

பினாங்குச் செய்தி முதல் பக்கத்தில் வரலை. அப்போ அமுக்கிட்டாங்கதானே?

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் பல பெரிய நாளேடுகளின் முதல் பக்கம் விளம்பரத்துக்கு உரியது. சென்னை ‘ஹிந்து’ 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரமே போட்டுக்கொண்டிருந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அப்படித்தான் வந்தது. ஆக, முதலில் அந்தத் தாளில் முக்கியச் செய்திக்கான பக்கம் எது என்று கண்டுபிடியுங்கள். ஒரே வாரத்து நான்கைந்து இதழ்களைப் பரப்பினால் பெரிய எழுத்துத் தலைப்பு எங்கே வருகிறது என்று பிடிபட்டுவிடும். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் இடத்தை எடைபோட வேண்டும்.

பிறகு பக்கத்துச் செய்தியைப் பாருங்கள். அந்த வாரங்களில் லிபியாவில் பிரிட்டிஷ் படை முன்னேறிக்கொண்டிருந்தது, டிசம்பர் 24-ல் பெங்காசி அவர்கள் கைக்கு வந்தது. மாஸ்கோவுக்கு முன்னால் ஜெர்மானியர் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் உண்மையான செய்திகள், பெரிய செய்திகள். நான்கு பத்தித் தலைப்பில் லிபியா, அதன் நிழலில் ஒற்றைப் பத்தியில் பினாங்கு என்று வைத்தால், ஒரு வார்த்தை பொய் சொல்லாமலே படிப்பவர் மனத்தில் நாம் ஜெயிக்கிறோம் என்று பதித்துவிடலாம். ஆனால் 24-ஆம் தேதி இதழில் பினாங்கு சுருங்கியிருந்தால் அது வேறு கதை. 23-ஆம் தேதிதான் ரங்கூன் மேல் முதல் பெரிய குண்டுவீச்சு நடந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த காலம் அது. நம் பக்கத்து வாசகருக்கும் அன்று ரங்கூன்தான் பெரிய செய்தி. இடம் குறைந்ததற்கு இப்படி நேர்மையான காரணமும் இருக்கும்.

ஒரு செய்திக்குள்ளேயும் இடம் உண்டு. மாதிரியில் குண்டுவீச்சு நடந்தது வெளியேற்றத்துக்கு ஐந்து நாள் முன்னால். எழுத்திலோ அது பின்னால் வருகிறது, ‘முன்னதாக’ என்ற ஒட்டோடு. சாவு நடந்த விஷயம் கடைசிக்கு முந்திய வரிக்குப் போய், ‘ஓரளவு சேத’மாகச் சுருங்கிவிட்டது. பக்கம் நிரம்பினால் அச்சுக்கோப்பவர் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார். வெட்டினாலும் நஷ்டமில்லை என்று நினைத்த வரிகள் கடைசியில் உட்காரும். நான் முதலில் படிப்பது அந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான்.

தலைப்புக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள ஊர்ப்பெயரையும் விடாதீர்கள். பினாங்கைப் பற்றிய செய்தி, புறப்பட்ட இடம் சிங்கப்பூர். இடையில் பல நூறு கிலோமீட்டர். எழுதியவர் எதையும் பார்த்தவரல்ல என்பதை அந்த ஒரு சொல் ஒப்புக்கொள்கிறது.

மூணு பேப்பர்லயும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கு. அப்போ உண்மையாத்தானே இருக்கணும்?

சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால் மூன்று சாட்சி இல்லை, ஒரே சாட்சி. அந்நாளில் வெளிநாட்டுச் செய்தி பெரும்பாலும் ராய்ட்டர் வழியாக வந்தது. உள்நாட்டில் செய்தி கொடுத்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவும் ராய்ட்டருக்குச் சொந்தம். தலைப்பை மட்டும் ஒப்பிடுங்கள். அது அந்தந்த அலுவலகத்தில் போட்டது. ஒரே தந்திக்கு ஒரு தாள் ‘துருப்புகள் வாபஸ்’ என்றும் இன்னொரு தாள் ‘பினாங்கு கைவிடப்பட்டது’ என்றும் தலைப்பு வைத்திருந்தால், அந்த ஆசிரியர்களின் மனம் அங்கே தெரியும்.

ஜப்பான்காரன் பக்கத்துப் பேப்பராவது உண்மையைச் சொல்லியிருக்குமா?

பினாங்கில் ஐரோப்பியர் ஆசியரைக் கைவிட்டுப் போனதை அவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அது உண்மைதான், அவர்களுக்குச் சாதகமான உண்மை. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் விழுந்ததும் ஊர் பெயரையே சியோனான் என்று மாற்றி, அந்தப் பெயரில் நாளேடும் நடத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் சீன ஆண்களை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தங்கள் கையில் இருந்த ஏட்டில் அதைச் செய்தியாகப் போட்டுக்கொள்வார்களா? மேலே சொன்ன உரைகல்லை இங்கேயும் வைத்துப் பாருங்கள்.

அப்போ அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரங்க எல்லாருமே இப்படித்தானா?

பினாங்கிலேயே பதில் இருக்கிறது. அங்கே வந்துகொண்டிருந்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஏட்டின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். அதிகாரிகள் போன பிறகு ஊரில் நின்ற ஆசியர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து ஒழுங்கைப் பார்த்துக்கொண்டவர்களில் அவர் முதன்மையானவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியதும் அவர்தான். நகரம் திறந்து கிடக்கிறது, குண்டு போட வேண்டாம் என்று வானொலி மூலம் ஜப்பானியருக்குத் தெரிவித்தார். அழிக்காமல் விட்டுப்போன அதே வானொலி. அன்றைக்குப் பினாங்கு என்ற ஊர்ப்பெயரைத் தலையில் போட்டு ஒரு செய்தி எழுதக் கூடியவர் அவர். சென்னைக்கு வந்த செய்தியோ சிங்கப்பூர் என்ற ஊர்ப்பெயரோடு வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய இதழ்களுக்கு எங்கே போறது?

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. சிங்கப்பூர், மலேயா ஏடுகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் NewspaperSG தளத்தில் தேதி வைத்துத் தேடலாம். 1941 டிசம்பர் 11 முதல் 31 வரை ஒவ்வொரு நாளாகத் திறந்து, ‘Penang’ என்ற சொல் எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில், எந்த ஊர்த் தேதியோடு வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் கடிதம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அதுவும் தணிக்கைக்காரர் பிரித்து ஒட்டியதாகத்தான் இருக்கும், ஆகவே எழுதியவர் எதையெல்லாம் தானே விட்டிருப்பார் என்று அதற்கும் யோசிக்க வேண்டும். ஆனால் அதில் தேதி இருக்கும், எழுதிய ஊர் இருக்கும். டிசம்பர் 19-க்குப் பிறகு பினாங்கிலிருந்து வந்ததாக ஒன்று கிடைத்தால் தேதியை இருமுறை பாருங்கள். பிரிட்டிஷார் திரும்பி வந்த 1945 செப்டம்பர் வரை அந்தத் தபால் வழி அடைபட்டிருந்தது.